பலெர்மோ சாப்பாட்டுக்கடை மெனுவுக்கு இத்தாலியச் சொலவடையும் கைச்சாடையும்: தமிழில் எப்படி எழுதுறது?

கண்ணன் (பலெர்மோ)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட மாமா இருபது வருசம் இத்தாலியன் குசினிகளில வேலை செய்துபோட்டு, இப்ப பல்லாரோ சந்தைக்குக் கிட்டச் சின்னதா ஒரு கடை எடுத்திருக்கிறார். சிசிலிச் சாப்பாடுதான். செப்டம்பர் 4இல சாந்தா ரொசாலியா திருநாள். இங்கத்தைத் தமிழாக்கள் சைவம், வேதம் எண்டு பாராமல் பெல்லெக்ரீனோ மலை ஏறிக் குகைக் கோயிலுக்குப் போவினம். அந்தக் கிழமை எங்கட வீடுகளுக்கு ஊரில இருந்தும் வேற நாடுகளில இருந்தும் சொந்தங்கள் வரும். வயசானவைக்கு இத்தாலியன் தெரியாது. அவைக்காக மெனு அட்டையின்ர பின்பக்கத்தில நாலு வரி தமிழில போட வேணும் எண்டு மாமா ஆசைப்படுறார்.

ஜெர்மனியில இருக்கிற மச்சான் ஒருத்தன் வரைஞ்சு அனுப்பினது இது:

"எங்கள் பாஸ்தா பல்லுக்கு வேகும். தட்டில் மிஞ்சும் சோஸில் சின்னச் சப்பாத்து செய்யுங்கள். உருசித்தால் கன்னத்தில் கை வையுங்கள். அருமை என்றால் 🤌 காட்டுங்கள். மக்கரோனிமேல் சீஸ் போல நீங்கள் வந்தீர்கள்."

இத்தாலியன் தெரிஞ்ச எனக்கு ஒவ்வொரு வரியும் எங்கயிருந்து வந்தது எண்டு விளங்குது. அம்மாட்ட வாசிச்சுக் காட்டினன். "சாப்பாட்டுக் கடையில என்னத்துக்கடா சப்பாத்து?" எண்டு கேட்டா. உதவி செய்யுங்கோ.

---

கலைச்செல்வி (சென்னை)

கண்ணன், உங்க அம்மா கேட்டதுதான் சரியான விமர்சனம். தமிழ்ல செருப்பும் சோறும் ஒரே வாக்கியத்துல வந்தா அது அவமானத்தைச் சொல்ற வாக்கியமாத்தான் இருக்கும். வாசல்ல கழற்றிப் போட்டுட்டு வர்ற பொருள் அது. இத்தாலியில "ஸ்கார்பெத்தா"ன்னா சின்ன ஷூ. தட்டுல மிஞ்சின சாஸை ரொட்டித் துண்டால துடைச்சு எடுத்துச் சாப்பிடறதுக்கு அந்தப் பேர். ஏன் அந்தப் பேருன்னு ஆளுக்கொரு கதை சொல்றாங்க. ரொட்டி தட்டுல தேஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் ஒட்டிக்கிட்டுப் போறது ஷூ தரையைத் தேய்க்கற மாதிரின்னு ஒரு கதை. எதுவும் உறுதி கிடையாது. உறுதி இல்லாத உருவகத்தை நாம ஏன் சுமக்கணும்?

நம்மகிட்ட அதுக்கு நேர் சொல் இருக்கு: வழித்துச் சாப்பிடுறது. சட்டியை வழிக்கிறோம், இலையை வழிக்கிறோம். "நக்கு"ங்கற சொல் வேண்டாம், அது கொச்சையா விழும். "துடை" மட்டும் போட்டாலும் மேஜை துடைக்கற நினைப்பு வரும். வழிக்கறதுல ருசியும் இருக்கு, எதையும் வீணாக்காத அக்கறையும் இருக்கு. இத்தாலிக்காரங்க அந்தச் சொல்லைச் சொல்றப்ப மனசுல இருக்கறதும் இதே ரெண்டும்தான்.

ரொட்டிக்கு உங்க பக்கம் என்ன சொல்வீங்க?

---

கண்ணன் (பலெர்மோ)

பாண் எண்டுதான் சொல்லுவம் அக்கா.

---

கலைச்செல்வி (சென்னை)

அப்படின்னா வரி தானாவே அமைஞ்சுடுச்சு. உங்க "பாண்" போர்த்துகீசியர் விட்டுட்டுப் போன சொல். இத்தாலியன் "பானே"யும் அதுவும் ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்தவை. உங்க "குசினி"யும் அவங்க "குச்சீனா"வும் அதே மாதிரி உறவுதான். "பாணால் வழித்துச் சாப்பிடுங்கோ"ன்னு ஒரு பாட்டி வாசிச்சா அது மொழிபெயர்ப்புன்னே தோணாது. பக்கத்து மேஜை இத்தாலிக்காரர் காதுல அந்த "பாண்" விழுந்தா அவருக்கும் பாதி புரியும்.

---

சுப்பு (திருச்சி)

தம்பி, நான் 30 வருஷமா கல்யாணச் சமையல் பண்றேன். "பல்லுக்கு வேகும்"கறது தப்பு. அல் தெந்தேன்னா முக்கால் வேக்காடு. பிரியாணிக்கு அரிசியை வடிக்கிறோமே, அதே பதம். "முக்கால் பதத்தில் இறக்கியது"ன்னு போடுங்க, எல்லாருக்கும் புரியும்.

---

மீனா (நாப்போலி)

மதுரைப் பொண்ணு, 14 வருஷமா நாப்போலியில மருமக. சுப்பு அண்ணே, நீங்க சொல்றதுல பாதி சரி. பாஸ்தாவைப் பாக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் முன்னாடியே தண்ணியில இருந்து எடுத்து, அது வெந்த தண்ணியே ஒரு கரண்டி விட்டு, சாஸோட வாணலியில புரட்டுவாங்க. அந்தக் கட்டத்துல நீங்க சொல்ற முக்கால் பதம்தான். ஆனா தட்டுக்கு வர்றப்ப அது முழுசா வெந்தது. பிரியாணி அரிசி தம்முல மீதி கால் பங்கும் வெந்து மிருதுவாயிடும். இது வெந்த பிறகும் பல்லுல கொஞ்சம் எதிர்த்து நிக்கணும்.

என் மாமியார் ஒரு இழையை எடுத்து நகத்தால வெட்டிக் காட்டுவாங்க. நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். அதுக்கு இங்க "அனிமா"ன்னு பேர், உயிர்னு அர்த்தம். புள்ளி பெருசா இருந்து வாயில மாவு வாசம் அடிச்சா வேகலை. ஊசிமுனை அளவுக்கு மங்கி வந்தா இறக்கலாம். புள்ளியே காணோம்னா, சாஸ்ல புரட்டி மேஜைக்கு வர்றதுக்குள்ள குழைஞ்சுடும்.

மெனுவுல "முக்கால்"னு போட்டா, காசு முழுசா வாங்கிட்டு முக்கால்தான் வேக வைக்கிறான்னு அர்த்தமாயிடும். கண்ணன், உங்க கடைக்கு வர்ற பெரியவங்க இடியப்பம், புட்டு சாப்பிட்ட வாய். அவங்களுக்கு இந்த வரி ஒரு முன்னறிவிப்பா இருக்கணும்.

---

கண்ணன் (பலெர்மோ)

அதேதான் நடக்குது மீனாக்கா. போன மாசம் பரிசில இருந்து வந்த பெரியம்மா தட்டைத் திருப்பி அனுப்பிப்போட்டா, "இது அவியேல்லை" எண்டு. மாமா திரும்ப அஞ்சு நிமிசம் அவிச்சுக் குடுத்தார். அவர் முகத்தைப் பாக்கேலாமல் போச்சு.

---

சுப்பு (திருச்சி)

ஒப்புக்கறேன் மீனாம்மா. தட்டுக்கு வர்ற நேரத்தை நான் கணக்குல எடுக்கல. அப்ப "குழையாமல்"னு சொல்லலாமா? குழையாத சோறுன்னா எங்க பந்தியில பாராட்டுத்தான்.

---

கலைச்செல்வி (சென்னை)

அதுதான் சொல், சுப்பு சார். "பல்லுக்கு"ங்கற வேற்றுமை உருபு தமிழ்ல நிக்காது. பல்லுக்கு மருந்துதான் போடுவோம். "குழையாது, பல்லில் சற்றுக் கடிபடும், அதுதான் இதன் பதம்." பதம்னு முடிச்சா, இது தற்செயலா இல்ல, சமையல்காரர் தெரிஞ்சே நிறுத்தினதுன்னு வாசிக்கறவங்களுக்கு விளங்கிடும்.

---

மீனா (நாப்போலி)

இப்ப எனக்கு நிஜமாவே கவலை தர்ற வரிக்கு வர்றேன். அஞ்சு விரல் நுனியும் மேல் நோக்கிக் குவிச்ச அந்தக் கை. அது "அருமை" இல்லவே இல்ல. அந்த எமோஜி 2020இல் வந்த யூனிகோட் தொகுப்புல சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் வெளிநாடுகள்ல அதைச் சாப்பாட்டுப் பாராட்டா நினைச்சுப் போட ஆரம்பிச்சுட்டாங்க. இத்தாலியில அதுக்கு "மானோ அ போர்சா"ன்னு பேர், பைபோலக் குவிச்ச கை. அர்த்தம்: "என்ன வேணும் உனக்கு?", "என்ன சொல்ல வர்ற?", "இது என்ன கூத்து?" மணிக்கட்டையோ முன்கையையோ மேலும் கீழும் ஆட்டணும். கேள்வி உண்மையான கேள்வியா, எரிச்சலாங்கறதை முகமும் வேகமும் சொல்லும்.

அதே கையை அசைக்காம நிறுத்தி, விரல் நுனிகளை மட்டும் திறந்து மூடினா வேற அர்த்தம்: "பயந்துட்டியா?" இல்லேன்னா, "உள்ள ஒரே கூட்டம்". அசைவுல மட்டும்தான் வித்தியாசம். படத்துல அசைவு இல்ல. அதனாலதான் ஒரு சின்னப் படத்தை நம்பி அர்த்தம் எழுதினா மாட்டிக்குவோம்.

உங்க மெனுவை ஒரு தாத்தா வாசிச்சுட்டு, சாப்பாடு கொண்டுவந்து வெச்ச பையனைப் பாத்து மனசாரப் பாராட்டணும்னு அந்தக் கையைக் காட்டுறார்னு வெச்சுக்கங்க. அந்தப் பையனுக்கு அது "என்னய்யா இது?"ன்னு விழும். தாத்தாவும் பாவம், பையனும் பாவம்.

---

ரஃபீக் (தோஹா)

எங்க ஊர் கம்பம், 11 வருஷமா தோஹால டிரைவர். இங்க அரபிக்காரங்க இதே கையைக் காட்டினா "பொறு"ன்னு அர்த்தம். நான் வந்த புதுசுல முதலாளி இப்படிக் காட்டினாரு. நம்ம ஊர்ல இப்படிக் குவிச்சு வாய்ப்பக்கம் கொண்டுபோனா "சாப்பிட்டியா?"தானே. சாப்பாட்டுக்குப் போகச் சொல்றாருன்னு நான் கேன்டீனுக்குப் போயிட்டேன். அவரு அரை மணி நேரம் வெயில்ல வண்டிக்கு நின்னாரு. உங்க கடைக்கு வளைகுடால வேலை பாத்த ஆள் யாராவது வந்தா, அவருக்கு இந்தப் படம் "கொஞ்சம் பொறுங்க, சாப்பாடு லேட்டாகும்"னுதான் படும்.

---

மீனா (நாப்போலி)

ரஃபீக் அண்ணே, இதை நான் யோசிக்கவே இல்ல. ஒரே கை, மூணு ஊரு, மூணு அர்த்தம்.

கலைச்செல்விக்கு ஒண்ணு கேக்கறேன். இந்தக் கையை மொழிபெயர்க்கணும்னா தமிழ் உடம்புல அதுக்கு இணை என்ன? என் அப்பா உள்ளங்கையை விரிச்சு, மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றி "என்ன?"ன்னு பேசாமலே கேப்பார். என் வீட்டுக்காரர் முதல் தடவை மதுரை வந்தப்ப அதைப் பாத்துட்டு, "இது நம்ம மானோ அ போர்சாதான், விரல்தான் விரிஞ்சிருக்கு"ன்னார்.

---

கலைச்செல்வி (சென்னை)

உங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் உண்மையான மொழிபெயர்ப்பு. வேலை ஒண்ணு, வடிவம் வேற. ஆனா மெனுவுல "என்ன?"ன்னு கேக்கற கைக்கு இடம் இருக்கா? எனக்குத் தோணல. மொழிபெயர்ப்புல எடுத்துடறதும் ஒரு முடிவுதான். அந்த வரியையே நீக்கிடலாம்.

---

பார்த்திபன் (கோவை)

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். என் தம்பிக்குக் காது கேட்காது. இத்தாலியில் படிக்க விண்ணப்பித்திருக்கிறான். இந்தச் சைகைகளை இப்போதே கற்றுக்கொண்டால் அங்கே செவித்திறன் அற்றவர்களோடு பேச உதவுமா?

---

மீனா (நாப்போலி)

பார்த்திபன், நாங்க பேசறது வேற. இது காது கேக்கறவங்க பேச்சோட சேர்த்துக் காட்டற சாடை. தனித்தனி அர்த்தம் இருக்கும், இலக்கணம் இருக்காது. இத்தாலியச் சைகை மொழி முழு மொழி, அதுக்குன்னு வாக்கிய அமைப்பு இருக்கு. LIS-ன்னு தேடுங்க. 2021 மே மாசம் இத்தாலி அரசு அதைச் சட்டப்படி அங்கீகரிச்சுது. தம்பி கத்துக்க வேண்டியது அதைத்தான். ஆனா இந்தியச் சைகை மொழி வேற, LIS வேற. முதல்ல இருந்து கத்துக்கணும்.

---

ஜெனி (மிலான்)

நான் மிலானில் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலை. ஸ்கார்பெத்தா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பெரிய விருந்துகளில் அப்படித் துடைத்துச் சாப்பிடுவது மரியாதை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ரொட்டியை முள்கரண்டியில் குத்தித் துடைப்பவர்களும் உண்டு. "வழித்துச் சாப்பிடுங்கோ" என்று கடைக்காரரே எழுதுவது சரியா?

இன்னொன்று. முகவாயைச் சற்று மேலே தூக்குவது. நம் ஆட்கள் "என்ன?" என்று கேட்க அப்படிச் செய்வோம். நான் பலெர்மோ போயிருந்தபோது கடைக்காரரிடம் மீன் இருக்கிறதா என்றேன். அவர் தலையைப் பின்னால் தூக்கி நாக்கைச் சொடுக்கினார். அவர் என்னைத் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்து மூன்று முறை சொன்னேன். அது "இல்லை" என்பது அப்புறம்தான் தெரிந்தது. மிலானில் அப்படிச் செய்து யாரையும் நான் பார்த்ததில்லை.

---

மீனா (நாப்போலி)

ஜெனி, அது தெற்கத்திப் பழக்கம். ரோமில தலையைப் பக்கவாட்டுல ஆட்டி "இல்ல"ம்பாங்க, நாப்போலியிலயும் சிசிலியிலயும் பின்னால தூக்குவாங்க. கிரேக்கர்கள் குடியேறின பகுதிகள்ல இந்தத் தலைத்தூக்கு நின்னுடுச்சுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இன்னிக்கும் கிரீஸ்ல அப்படித்தான். நாப்போலிப் பாதிரியார் அந்திரேயா தே யோரியோ 1832இலேயே இந்த ஊர்ச் சாடைகளுக்குத் தடியா ஒரு நூல் எழுதினார். பழைய பானை ஓவியங்கள்ல இருக்கற கைகளை இந்த ஊர்த் தெருவுல நிக்கறவன் கையை வெச்சுப் படிக்கலாம்கறது அவர் வாதம்.

இதுல கண்ணன் கவனிக்க வேண்டியது வேற. நம்ம பெரியவங்க "சரி"ன்னு தலையைப் பக்கவாட்டுல அசைப்பாங்க. பரிமாறற பையன் இத்தாலிக்காரனா இருந்தா, சீஸ் போடவான்னு கேட்டுட்டு, அதை "வேண்டாம்"னு எடுத்துக்குவான். மெனுவுல எழுதற விஷயம் இல்ல இது. பையன்கிட்ட சொல்லி வைக்கணும்.

---

கண்ணன் (பலெர்மோ)

இது நடந்திருக்கு! அம்மாவுக்கு ரெண்டு தரம் சீஸ் வரேல்லை. இப்பதான் காரணம் விளங்குது.

ஜெனியக்கா, மாமாவிட்ட கேட்டன். "இது வெள்ளைத் துணி விரிச்ச கடை இல்லை, வழிச்சுச் சாப்பிட்டாத்தான் எனக்குச் சந்தோசம்" எண்டார்.

கடைசி வரி, "மக்கரோனிமேல் சீஸ் போல". இத்தாலியனில சரியான நேரத்தில சரியான ஆள், சரியான பொருள் வந்தால் அப்படிச் சொல்லுவினம். மச்சான் அதை மத்தி மீன் பாஸ்தாவுக்குக் கீழ போட்டிருக்கிறான். மாமா அதைப் பாத்தோடன "இது வேண்டாம்" எண்டுபோட்டுக் குசினிக்குள்ள போட்டார்.

---

மீனா (நாப்போலி)

மாமா சொன்னது ரொம்பச் சரி. பாஸ்தா கொன் லெ சார்தே உங்க ஊர்ப் பெருமை: மத்தி, காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, உலர்திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ. அது மேல சீஸ் தூவ மாட்டாங்க. எண்ணெயில பொன்னிறமா வறுத்த ரொட்டித்தூள்தான் தூவணும். சீஸ் வாங்க வசதி இல்லாதவங்க கண்டுபிடிச்ச மேல்தூவல்னு அதைச் சொல்வாங்க. அந்தத் தட்டுக்குக் கீழ சீஸைப் புகழ்ந்து வரி போட்டா, சமைச்சவரையே மறுத்த மாதிரி.

---

கலைச்செல்வி (சென்னை)

சொலவடைக்குத் தமிழ் இணை "பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல". அர்த்தம் நல்லாவே பொருந்துது. ஆனா அதை மீன் தட்டுக்குக் கீழ போட்டா பாலும் மீனும் சேர்ந்து இன்னொரு தொல்லை. விருந்தாளி வந்ததைச் சொல்ற தலைவரியா மேல போடலாம், சாப்பாட்டுல இருந்து விலக்கி.

---

கலைச்செல்வி (சென்னை)

விட்டுப்போன வரி, கன்னம். இத்தாலியில ஆள்காட்டி விரல் நுனியைக் கன்னத்துல ஊன்றித் திருகினா "ருசியா இருக்கு"ன்னு அர்த்தம். மீனா, சரிதானே? மச்சான் அதை "கன்னத்தில் கை வையுங்கள்"னு எழுதிட்டார். தமிழ்ல அது என்ன ஆகுதுன்னு யோசிங்க. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதேன்னு சொல்லி வளர்த்த சனம். சாப்பிட்டு முடிச்சுட்டுக் கன்னத்துல கை வைன்னா, பில்லைப் பாத்துக் கவலைப்படுன்னு அர்த்தம். "கன்னத்தில் போட்டுக்கொள்"னா சாமிகிட்ட மன்னிப்பு. ரெண்டு பக்கமும் பள்ளம்.

---

மீனா (நாப்போலி)

சரிதான். குழந்தைகளுக்குச் சோறூட்டறப்ப பாட்டிகள் அதிகம் காட்டற சாடை அது. "புவோனோ?"ன்னு கேப்பாங்க, குழந்தை விரலைத் திருகும். சாவி திருகற மாதிரி முன்னும் பின்னும்.

---

கலைச்செல்வி (சென்னை)

சாவின்னதும் வழி தெரிஞ்சுது. "கை"யை எடுத்துடுவோம், "விரல்"னு போடுவோம். "கன்னம்" தனியா வேண்டாம், கன்னக்குழின்னு போடுவோம். கன்னக்குழின்னதும் தமிழ்ல சிரிப்புத்தான் நினைவுக்கு வரும். "கன்னக்குழி விழும் இடத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றித் திருகிக் காட்டுங்கோ." பக்கத்துல ஒரு குழந்தையோட படம், விரலைச் சுத்தி வளைஞ்ச ஒரு அம்புக்குறி. அசைவைக் காட்ட அம்புக்குறி அவசியம்.

---

ரஃபீக் (தோஹா)

படிச்சுட்டே நானும் திருகிப் பாத்தேன். சிரிப்பு வருது, சோகம் வரல.

---

கண்ணன் (பலெர்மோ)

எல்லாருக்கும் நன்றி. மாமாவும் அம்மாவும் நானும் இருந்து எழுதினது இது:

"பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல வந்திருக்கிறியள், வாங்கோ.
எங்கட பாஸ்தா குழையாது. பல்லில் சற்றுக் கடிபடும். அதுதான் இதின்ர பதம்.
தட்டில் மிஞ்சுறதைப் பாணால் வழிச்சுச் சாப்பிடுங்கோ.
உருசி பிடிச்சால், கன்னக்குழி விழும் இடத்தில் விரலை ஊன்றித் திருகிக் காட்டுங்கோ. குசினியில நிக்கிறவருக்கு விளங்கும்."

மத்தி பாஸ்தாவுக்குக் கீழ தனியா: "இதுக்குச் சீஸ் இல்லை, வறுத்த பாண்தூள்."

---

ஜெனி (மிலான்)

அழகாக இருக்கிறது. ஆனால் ஸ்கார்பெத்தா என்ற சொல்லை முழுதாக விடலாமா? பரிமாறுபவர் அந்தச் சொல்லைத்தான் சொல்வார். நம் ஆட்களுக்கு அது காதில் விழுந்தால் புரிய வேண்டாமா?

---

கலைச்செல்வி (சென்னை)

ஒலியை மட்டும் தமிழ் எழுத்துல ஒரு தடவை போடலாம். ஷூன்னு விளக்க வேண்டாம்.

---

மீனா (நாப்போலி)

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. அர்த்தம் தெரிஞ்சா பெரியவங்க ரசிப்பாங்க. என் அம்மா நாப்போலி வந்திருந்தப்ப ஷூ கதையைக் கேட்டு முகம் சுளிச்சாங்க, ரெண்டு நாள் கழிச்சு அவங்களே "ஸ்கார்பெத்தா போடட்டுமா?"ன்னு மருமகன்கிட்ட கேட்டாங்க. அட்டையில எழுத வேண்டாம், வாயால சொல்லட்டும்.

---

கண்ணன் (பலெர்மோ)

அம்மா இன்னும் சப்பாத்துக்கு இணங்கேல்லை. அச்சுக்குக் குடுக்க வெள்ளி வரைக்கும் நேரம் இருக்கு. "உருசி" எண்டு போடுறதா "ருசி" எண்டு போடுறதா எண்டும் வீட்டில ஒரு கதை ஓடுது. அதுக்கும் யாரும் சொல்லுங்கோ.

---

சுப்பு (திருச்சி)

ருசி. வாய் நிறையச் சாப்பாடு இருக்கறப்ப அதைச் சொல்றதுதான் சுலபம்.